வெப்சைட் திறக்கிறது, மெயில் வரவில்லை: புது டொமைனின் டிஎன்எஸ் கோளாறுகளை அறிகுறி வைத்துக் கண்டுபிடிப்பது

கேம்பல் லேனில் என் சித்திக்கு ஒரு மாலைக்கடை இருக்கிறது. தீபாவளிக்கு மூன்று வாரம் இருக்கும்போது, ஒரு திங்கட்கிழமை காலையில் கூப்பிட்டார். "தம்பி, வெப்சைட் நல்லாத்தான் தெரியுது. ஆனா நேத்திலேருந்து ஒரு ஆர்டர் மெயில் கூட வரல. கல்யாண வீட்டுக்காரங்க சனிக்கிழமையே அனுப்பினாங்களாம், திரும்பி வந்துடுச்சுன்னு சொல்றாங்க" என்றார்.

வெள்ளிக்கிழமை இரவு சித்தி மகன் புது வெப்சைட்டை ஏற்றியிருந்தான். அவன் செய்த ஒரே ஒரு மாற்றம்தான் மெயிலை நிறுத்தியது. புதிதாக டொமைன் வாங்குகிறவர்கள் எல்லோரும் இடறும் இடம் இது என்பதால், அன்று நாங்கள் தேடிய வரிசையிலேயே எழுதுகிறேன். சித்தி கடையின் டொமைனுக்குப் பதில் `example.com` என்று போட்டிருக்கிறேன். உங்கள் பெயரை அங்கே வைத்துப் படியுங்கள்.

சரியாக இருந்தால் எப்படி இருக்கும்

வீவக புளோக் ஒன்றை நினைத்துக்கொள்ளுங்கள். வீடு எட்டாவது மாடியில் இருக்கிறது, கடிதப் பெட்டியோ கீழ்த்தளத்தில் இருக்கிறது. விருந்தாளி லிஃப்ட் ஏறி வீட்டுக்கு வருவார். தபால்காரர் மேலே வருவதே இல்லை, பெட்டியில் போட்டுவிட்டுப் போவார். இரண்டுக்கும் முகவரி ஒன்றுதான், போய்ச் சேரும் இடம் வேறு.

டொமைனும் அப்படித்தான். ஒரே பெயருக்குக் கீழே டிஎன்எஸ் என்ற பட்டியல் இருக்கிறது, அதன் ஒவ்வொரு வரியும் ஒரு ரெக்கார்டு. பிரௌசர் அதில் `A` என்ற வரியைப் பார்த்து வெப்சைட் இருக்கும் சர்வருக்குப் போகிறது. மெயில் அனுப்பும் சர்வர் `MX` என்ற வரியைப் பார்த்து அஞ்சல் பெட்டிக்குப் போகிறது. மெயிலை கூகுள் வொர்க்ஸ்பேஸில் வைத்திருக்கும் ஒரு கடையின் பட்டியல் ஏறக்குறைய இப்படி இருக்க வேண்டும்:

```
@                  A      203.0.113.10
www                CNAME  example.com
@                  MX     1  smtp.google.com
@                  TXT    v=spf1 include:_spf.google.com ~all
google._domainkey  TXT    v=DKIM1; k=rsa; p=...
_dmarc             TXT    v=DMARC1; p=none
```

`@` என்றால் டொமைன் பெயரேதான், முன்னால் எதுவும் இல்லை என்று பொருள். முதல் இரண்டு வரி வெப்சைட்டுக்கு. மூன்றாவது, மெயில் உள்ளே வருவதற்கு. கடைசி மூன்றும் நீங்கள் அனுப்பும் மெயிலை மற்றவர்கள் நம்புவதற்கு. வேறு நிறுவனத்தில் மெயில் வைத்திருந்தால் மூன்றாவது வரியிலிருந்து மதிப்புகள் மாறும். அவர்கள் தருவதை அப்படியே எடுத்துப் போடுங்கள்.

அறிகுறி: ரெக்கார்டை மாற்றினேன், எதுவும் மாறவில்லை

வேறு எதையும் தொடுவதற்கு முன் இதைப் பார்த்துவிடுங்கள். அந்தப் பட்டியலை நீங்கள் எங்கே எழுதுகிறீர்களோ அங்கேதான் உலகம் படிக்கிறது என்று உறுதி கிடையாது. டொமைன் வாங்கிய இடத்தில் ஒரு பக்கம் இருக்கும், ஹோஸ்டிங் நிறுவனத்தில் ஒன்று இருக்கும், வெப்சைட் கட்டும் சேவையில் இன்னொன்று இருக்கும். மூன்றிலும் வரிகளைச் சேர்க்கலாம், மூன்றும் "சேமிக்கப்பட்டது" என்று சொல்லும். செல்லுபடியாவது ஒன்றே ஒன்றுதான். எது என்பதை நேம்சர்வர் சொல்லும், பட்டியலை வைத்திருந்து கேட்பவர்களுக்கு விடை தரும் சர்வர் அதுதான். விண்டோஸோ மேக்கோ, டெர்மினலைத் திறந்து இதை அடியுங்கள்:

```
nslookup -type=ns example.com 8.8.8.8
```

விடையில் வரும் பெயர்கள் எந்த நிறுவனத்துடையவையோ, அந்த நிறுவனத்தின் பக்கத்தில் மட்டும் திருத்துங்கள். மற்ற இடங்களில் எழுதியதெல்லாம் யாரும் படிக்காத காகிதம்.

இடம் சரியாக இருந்தும் ரெக்கார்டு தெரியவில்லையா? பெயர்க் கட்டத்தைப் பாருங்கள். பெரும்பாலான பக்கங்கள் நீங்கள் எழுதும் பெயருக்குப் பின்னால் டொமைனைத் தாமே ஒட்டிக்கொள்ளும். `www.example.com` என்று முழுதாக எழுதினால் அது `www.example.com.example.com` ஆகிவிடும். `www` மட்டும் போதும். நீளமான `google._domainkey` வரியில் இந்தத் தவறு அடிக்கடி நடக்கிறது, ஏனென்றால் அதை முழுப் பெயராகவே நகலெடுத்து ஒட்டத் தோன்றும்.

இதுவும் சரி என்றால் காத்திருக்க வேண்டியதுதான், ஆனால் எவ்வளவு நேரம் என்று தெரிந்துகொண்டு காத்திருங்கள். ஒவ்வொரு வரிக்கும் `TTL` என்று ஒரு எண் இருக்கும், அது நொடிக் கணக்கு. 3600 என்றால், பழைய விடையை ஏற்கெனவே வாங்கிவைத்தவர்கள் ஒரு மணி நேரம் அதையே வைத்திருப்பார்கள். மாற்றத்துக்கு முந்தைய நாளே அதை 300க்குக் குறைத்துவிட்டால் ஐந்து நிமிடத்தில் வேலை முடியும். மாற்றிய பிறகு குறைப்பதில் பயனில்லை, பழைய எண் அவர்களிடம் போய்ச் சேர்ந்துவிட்டது. நேம்சர்வரையே மாற்றினால் கணக்கு வேறு. `.com` பெயர்களுக்கு அந்தத் தகவலின் ஆயுள் 172800 நொடி, அதாவது முழுதாக 2 நாள். இந்த எண்ணை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், சித்தி கதையில் இது மறுபடி வரும்.

அறிகுறி: வெப்சைட் திறக்கிறது, மெயில் உள்ளே வரவில்லை

தம்பியிடம் என்ன செய்தாய் என்று கேட்டேன். "அண்ணே, வெப்சைட் கட்டுற இடத்துல நேம்சர்வரை மாத்தச் சொல்லிச்சு. மாத்தினேன். அரை மணி நேரத்துல சைட் வந்துடுச்சு" என்றான். அவன் சொன்னதில் பொய் இல்லை. ஆனால் நேம்சர்வரை மாற்றுவது என்பது ஒரு வரியைத் திருத்துவது போல இல்லை. பட்டியலையே தூக்கிப் போட்டுவிட்டு வேறொரு பட்டியலை வைப்பது. புதுப் பட்டியலில் வெப்சைட்டுக்கான வரிகளை அந்தச் சேவை தானே நிரப்பியிருந்தது. மெயில் எங்கே இருக்கிறது என்று அதற்குத் தெரியாது, அதனால் `MX` வரி இல்லை. பார்ப்பதற்கு இது போதும்:

```
nslookup -type=mx example.com 8.8.8.8
```

கூகுளின் பெயர் வர வேண்டிய இடத்தில் வெறுமை. `MX` இல்லாவிட்டால் மெயில் உடனே திரும்பிவிடும் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். அப்படி நடப்பதில்லை. பெட்டி இல்லையென்று கண்ட தபால்காரர் மாடி ஏறிப் போய் வீட்டுக் கதவைத் தட்டுவது போல, அனுப்பும் சர்வர் `A` வரியில் இருக்கும் சர்வரையே மெயில் சர்வர் என்று எடுத்துக்கொள்ளும். மெயில் விதிகளிலேயே அப்படித்தான் இருக்கிறது. வெப்சைட் சர்வர் மெயிலுக்குக் கதவு திறக்காது. அனுப்பும் சர்வர் சிறிது நேரம் கழித்து மறுபடி தட்டும், மறுபடியும் தட்டும். சில சர்வர்கள் ஒரே நாளில் கைவிட்டுவிடும், சில நாலைந்து நாள் முயலும். அதுவரை அனுப்பியவருக்கும் உறுதியான செய்தி போகாது, உங்களுக்கும் எதுவும் தெரியாது. கோளாறு மௌனமாக இருப்பதற்குக் காரணம் இதுதான்.

சனிக்கிழமை சித்திக்குச் சில மெயில்கள் வந்திருந்தன. அதனால்தான் ஞாயிறு வரை யாருக்கும் சந்தேகம் வரவில்லை. அந்த 2 நாள் கணக்கு இங்கேதான் வேலை செய்தது. பழைய நேம்சர்வர் தகவலை வைத்திருந்தவர்கள் பழைய பட்டியலையே படித்தார்கள், அதில் `MX` இருந்தது, மெயில் வந்தது. புதிதாகக் கேட்டவர்களுக்கு வெறுமை கிடைத்தது. ஞாயிறு இரவோடு பழையவர்களும் தீர்ந்து போனார்கள். பாதி வருகிறது, பாதி வரவில்லை என்று ஒரு புகார் வந்தால், கடைசி 2 நாளில் யாராவது நேம்சர்வரைத் தொட்டார்களா என்று முதலில் கேளுங்கள்.

நேம்சர்வரைப் பழைய இடத்துக்கே திருப்பிவிடலாமா என்று தம்பி கேட்டான். வேண்டாம் என்றேன், திருப்பினால் இன்னொரு 2 நாள் குழப்பம். பழைய ஹோஸ்டிங் கணக்கு இன்னும் உயிரோடு இருந்தது. அதன் டிஎன்எஸ் பக்கத்தைத் திறந்து `MX`, மூன்று `TXT` வரிகள் எல்லாவற்றையும் புது இடத்துக்கு எடுத்து எழுதினோம். அரை மணி நேரம் பிடித்தது. மதியத்துக்குள் வழியில் காத்திருந்த மெயில்கள் ஒவ்வொன்றாக விழத் தொடங்கின. சனிக்கிழமை அனுப்பி ஞாயிறே கைவிடப்பட்டவை மட்டும் வரவில்லை. சித்தி அவர்களை ஒவ்வொருவராகத் தொலைபேசியில் கூப்பிட்டார்.

பழைய கணக்கை மூடியிருந்தால் அந்த வரிகளை எங்கிருந்து எடுப்பது? கூகுளின் நிர்வாகப் பக்கத்தில் மறுபடி உருவாக்கலாம், ஆனால் வேலை இரட்டிப்பாகும். ஆகவே நேம்சர்வரைத் தொடுவதற்கு முன் பழைய பட்டியலை ஒரு ஸ்கிரீன்ஷாட்டாவது எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். இன்னும் நல்லது, நேம்சர்வரையே மாற்றாமல் `A` வரியையும் `www` வரியையும் மட்டும் மாற்றுவது. பல வெப்சைட் சேவைகள் இதற்கும் இடம் கொடுக்கின்றன, ஆனால் அந்த வழி இரண்டாவது தெரிவாகக் கொஞ்சம் உள்ளே தள்ளி இருக்கும். தேடிப் பாருங்கள், தேடுவது வீண் போகாது.

`MX` வரி இருந்தும் மெயில் வரவில்லை என்றால் அந்த வரியின் மதிப்பைப் பாருங்கள். அங்கே `203.0.113.10` போன்ற ஐபி எண் இருக்கக்கூடாது, ஒரு சர்வரின் பெயர்தான் இருக்க வேண்டும். வெப்சைட்டும் மெயிலும் ஒரே ஹோஸ்டிங்கில் இருந்த கடைகளில் `MX` பெரும்பாலும் டொமைன் பெயரையே காட்டிக்கொண்டிருக்கும். வெப்சைட்டை மட்டும் வேறிடத்துக்கு மாற்ற `A` வரியைத் திருத்தினால், மெயிலும் பின்னாலேயே இழுபட்டுப் போய்விடும். அப்போது `mail` என்று ஒரு தனி `A` வரி எழுதி, அதில் பழைய சர்வரின் ஐபியைப் போட்டு, `MX`ஐ `mail.example.com` என்று மாற்றுங்கள்.

`@` என்ற இடத்தில் யாராவது `CNAME` போட்டிருந்தால் அதையும் எடுத்துவிடுங்கள். `CNAME` என்பது "இந்தப் பெயரைப் பற்றி என்ன கேட்டாலும் அங்கே போய்க் கேள்" என்று சொல்லும் வரி. அது இருக்கும் பெயரில் வேறு எந்த வரியும் இருக்கக்கூடாது என்பது விதி. `MX`ஐக் கேட்டவரும் வெப்சைட் சேவையிடம் அனுப்பப்படுவார். `www`இல் `CNAME` போடலாம், வெறும் பெயரில் கூடாது.

இன்னொன்று, பிடிக்கக் கடினமானது. வெளியிலிருந்து வரும் மெயில் எல்லாம் வருகிறது, வெப்சைட்டின் தொடர்புப் படிவத்தில் நிரப்புவது மட்டும் வரவில்லை. மெயில் முன்பு ஹோஸ்டிங்கிலேயே இருந்து பிறகு கூகுளுக்கு மாறியிருந்தால் இது நடக்கும். அந்த ஹோஸ்டிங் சர்வர், இந்த டொமைனின் மெயில் தன்னிடமே இருப்பதாக இன்னும் நினைத்துக்கொண்டு, `MX`ஐக் கேட்காமலே தன் பழைய பெட்டியில் போட்டுவிடும். ஹோஸ்டிங்கை நிர்வகிக்க சிபேனல் என்ற மென்பொருள் இருந்தால் `Email Routing` என்ற பக்கத்தில் `Remote Mail Exchanger` என்று மாற்றுங்கள். பழைய பெட்டியைத் திறந்து பாருங்கள், தொலைந்த விசாரணைகள் அங்கே அடுக்கியிருக்கும்.

அறிகுறி: மெயில் வருகிறது, நாங்கள் அனுப்புவது ஸ்பேமில் விழுகிறது

உங்கள் டொமைன் முகவரியிலிருந்து உங்களுடைய சொந்த ஜிமெயிலுக்கு ஒன்று அனுப்புங்கள். கணினியில் அதைத் திறந்து, மூன்று புள்ளி மெனுவில் `Show original` என்பதை அழுத்துங்கள். மேலே `SPF`, `DKIM`, `DMARC` என்று மூன்று விடைகள் இருக்கும். எது `PASS` ஆகவில்லையோ அந்த வரியில்தான் வேலை.

`SPF` என்பது உங்கள் டொமைன் பெயரில் யார் மெயில் அனுப்பலாம் என்று சொல்லும் வரி. அது தவறினால் பெரும்பாலும் காரணம் ஒன்றுதான், ஒரே டொமைனில் இரண்டு `SPF` வரிகள். கூகுள் ஒன்று தந்தது, பிறகு இன்வாய்ஸ் அனுப்பும் மென்பொருள் ஒன்று தந்தது, இரண்டையும் தனித்தனியாகச் சேர்த்துவிட்டார்கள். இரண்டு இருந்தால் பெறுபவர் இரண்டையுமே ஏற்கமாட்டார். ஒரே வரியில் சேர்த்து எழுத வேண்டும்:

```
v=spf1 include:_spf.google.com include:spf.example.net ~all
```

`include`களை அடுக்கிக்கொண்டே போகவும் முடியாது. இந்த வரியைச் சரிபார்க்க மொத்தம் 10 தேடல்களுக்கு மேல் ஆகக்கூடாது, ஒவ்வொரு `include`இன் உள்ளே இருப்பவையும் கணக்கில் சேரும். பயன்படுத்தாத சேவைகளை எடுத்துவிடுங்கள்.

`DKIM` என்பது நீங்கள் அனுப்பும் மெயிலில் விழும் டிஜிட்டல் கையெழுத்து. அது தவறினால், வரியை டிஎன்எஸ்ஸில் எழுதிவிட்டு, கூகுளின் நிர்வாகப் பக்கத்தில் `Start authentication` பொத்தானை அழுத்த மறந்திருப்பார்கள். பொத்தானை அழுத்தும்வரை கையெழுத்து விழாது. அந்தக் கையெழுத்தைச் சரிபார்க்கும் சாவி நீளமாக இருப்பதால் ஏற்க மறுக்கும் டிஎன்எஸ் பக்கங்களும் உண்டு. அப்போது 2048க்குப் பதில் 1024 பிட் சாவியை உருவாக்கிக்கொள்ளலாம்.

`DMARC` என்பது மற்ற இரண்டிலும் தேறாத மெயிலை என்ன செய்வது என்று பெறுபவருக்குச் சொல்லும் வரி. அதை `p=none` என்று தொடங்குங்கள். மற்ற இரண்டும் ஒழுங்காகிச் சில வாரம் ஓடுவதற்கு முன்பே `p=reject` என்று போட்டால், உங்கள் இன்வாய்ஸையே நீங்கள் தடுப்பீர்கள். 2024 பிப்ரவரியிலிருந்து ஜிமெயில், தனக்கு மெயில் அனுப்பும் எல்லோரிடமும் `SPF` அல்லது `DKIM` ஒன்றாவது கேட்கிறது. ஒரு நாளைக்கு 5000க்கு மேல் அனுப்புகிறவர்களிடம் மூன்றையும் கேட்கிறது. மாலைக்கடை அந்த அளவுக்குப் போகாது, ஆனாலும் மூன்றும் இருக்கட்டும்.

அறிகுறி: என் போனில் திறக்கிறது, அவர்கள் போனில் திறக்கவில்லை

`A` வரி இரண்டு இருக்கிறதா பாருங்கள். புதியதைச் சேர்த்துவிட்டுப் பழையதை அழிக்காமல் விட்டிருந்தால், வருகிறவர்களில் பாதிப் பேர் பழைய சர்வருக்குப் போவார்கள். அப்புறம் `AAAA` வரியைப் பாருங்கள். அது ஐபிவி6 என்ற புதிய வகை ஐபி முகவரி, பழைய ஹோஸ்டிங் தானாகச் சேர்த்திருக்கலாம். ஐபிவி6 இணைப்பு உள்ளவர்கள் அந்த வரியின் வழியே பழைய இடத்துக்குப் போவார்கள், இல்லாதவர்கள் புது இடத்துக்கு வருவார்கள். வீட்டு வைஃபையில் ஒரு மாதிரி, போன் டேட்டாவில் ஒரு மாதிரி தெரிந்தால் என் சந்தேகம் முதலில் இதன் மேல்தான் போகும். `www` போட்டால் திறக்கிறது, போடாவிட்டால் திறக்கவில்லை என்றால் இரண்டில் ஒரு வரி விடுபட்டிருக்கிறது, அவ்வளவுதான்.

அறிகுறி: இரண்டு மூன்று வாரம் ஓடியது, திடீரென்று வெப்சைட்டும் மெயிலும் ஒன்றாக நின்றுவிட்டன

இரண்டும் ஒரே நேரத்தில் போனால் ரெக்கார்டுகளைத் தொடாதீர்கள், அவை அப்படியே இருக்கும். டொமைனே நிறுத்திவைக்கப்பட்டிருக்கலாம். `.sg`, `.com.sg` பெயர் வாங்கினால், நிர்வாகத் தொடர்பாளராகப் பதிந்தவர் 21 நாளுக்குள் சிங்பாஸ் வழியாகத் தன் அடையாளத்தை உறுதிப்படுத்த வேண்டும். `.sg` பெயர்களை நிர்வகிக்கும் எஸ்ஜிநிக் இதற்காக மெயில் அனுப்பும். அதைக் கவனிக்காமல் விட்டால் பெயர் நிறுத்தப்படும். `.com` பெயருக்கு சிங்பாஸ் தேவையில்லை, ஆனால் பதிவு செய்த மெயில் முகவரியை உறுதிப்படுத்தும் இணைப்பு ஒன்று வரும், அதற்கு 15 நாள்.

அந்த மெயில்கள் எந்த முகவரிக்குப் போகின்றன என்று இப்போதே பாருங்கள். சித்தியின் கணக்கில் தொடர்பு முகவரி அதே டொமைனில் இருந்தது. டொமைன் நின்றால் அது நின்றுவிட்டது என்று சொல்லும் மெயிலும் சேர்ந்து நின்றுவிடும். அன்று மாலையே அதைச் சித்தியின் சொந்த ஜிமெயிலுக்கு மாற்றினோம், புதுப்பிக்கும் தேதியைக் கடைச் சுவரில் தொங்கும் தினசரிக் காலண்டரில் சிவப்பு மையால் எழுதிவைத்தார்.